குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது ஏழு மாதம். ஐந்து மாதங்களுக்கு முன் விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று கண்ணைச் செருகி, கைகால் விறைத்து, வெட்டி வெட்டி இழுத்தான். அப்புறம்தான் தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. போன வாரம் சளிக் காய்ச்சலில் மறுபடியும் வந்தது. உதடு நீலமாகிவிட்டது. நாக்கை விழுங்கிவிடுவான் என்று மாமியார் பல்லுக்கிடையில் ஸ்பூனைத் திணித்ததில் ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. நான் கணவருக்கு போன் போட்டுக் கதறினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. பத்து நிமிடமாவது இருந்திருக்கும். அரை மணி நேரம் தூங்கி எழுந்து, எப்போதும்போல ஓட ஆரம்பித்துவிட்டான். மருத்துவமனையில் சோதித்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலால் வந்ததுதான் என்று அன்றே அனுப்பிவிட்டார்கள். மூளையின் மின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. கூட எடுக்கவில்லை. என் கணவருக்கும் சின்ன வயதில் இப்படி வந்ததாம். இப்போது ராத்திரி மணிக்கொரு முறை தெர்மாமீட்டர் வைக்கிறேன். காய்ச்சல் இல்லாவிட்டாலும் நான்கு மணிக்கொரு தடவை பாராசிட்டமால் கொடுக்கிறேன். நான் கவனிக்காமல் விட்டதால்தானே இரண்டாம் முறை வந்தது? இது காக்காய் வலிப்பாக மாறிவிடுமா? தினமும் மாத்திரை கொடுத்துத் தடுக்க முடியாதா? பயத்தில் தட்டம்மைத் தடுப்பூசியையும் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

முதலில், காய்ச்சல் இல்லாத நேரத்தில் பாராசிட்டமால் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதன் பிறகு பேசுவோம். நான்கு மணிக்கொரு தடவை என்றால் ஒரு நாளைக்கு ஆறு தடவை. இந்த வயதுக் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் கொடுக்கக் கூடாது. நாள் கணக்கில் அளவு மீறினால் பாதிக்கப்படுவது கல்லீரல். எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள், ஒரு வேளைக்கு எத்தனை மில்லி என்று எழுதி, அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இன்றே உங்கள் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். குழந்தை சோர்ந்திருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காய்ச்சல் வந்து குழந்தை அசௌகரியமாக இருக்கும்போது கொடுக்க வேண்டிய அளவு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். இதில் ஒரு சிக்கல் உண்டு. சிரப் பல வலிமைகளில் வருகிறது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் இந்தக் குழந்தைக்கு 6 மில்லி தேவை. 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் 3 மில்லியே போதும். பழைய பாட்டில் தீர்ந்து வேறு பாட்டில் வாங்கி, அதே மில்லிக் கணக்கில் ஊற்றிக் கொடுத்து, அளவு இரட்டிப்பாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. லேபிளைப் படிக்காமல் ஒரு துளிகூட ஊற்றாதீர்கள்.

நீங்கள் கவனிக்காமல் விட்டதால் வரவில்லை

உங்கள் கடிதத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. முதல் தடவை வலிப்பு வந்த பிறகுதான் காய்ச்சலே தெரிந்தது என்கிறீர்கள். பல குழந்தைகளுக்கு இப்படித்தான் நடக்கிறது. காய்ச்சல் ஏறத் தொடங்கும்போதே, தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதற்கு முன்பே, வலிப்பு வந்துவிடும். மணிக்கொரு முறை தெர்மாமீட்டர் வைத்தாலும் இரண்டு அளவீட்டுக்கு இடையில் வந்துவிடக்கூடிய ஒன்று இது.

சரி, சூடு தெரிந்த உடனே மருந்து கொடுத்து இறக்கியிருந்தால்? இதையும் முறையாகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். முதல் காய்ச்சல் வலிப்பு வந்த 231 குழந்தைகளை வைத்து ஃபின்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் முழு அளவில் காய்ச்சல் மருந்து. இன்னொரு பிரிவினருக்கு எந்தச் சத்தும் இல்லாத போலி மருந்து. இரண்டு ஆண்டு பார்த்தார்கள். மறுபடி வலிப்பு வந்தவர்களின் விகிதம் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான், நூற்றுக்கு 23 பேர். ஆக, காய்ச்சல் மருந்தைக் குழந்தையின் உடல்வலியும் சிணுங்கலும் குறைவதற்காகக் கொடுங்கள். வலிப்பைத் தடுக்கும் வேலை அதனால் ஆகவில்லை. ஈரத்துணி ஒற்றி எடுப்பதும் அப்படியே. பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டவே வேண்டாம், நடுக்கம் எடுத்துச் சூடு இன்னும் ஏறும்.

மறுபடி வரும் வாய்ப்பை எவையெல்லாம் கூட்டுகின்றன என்பதும் தெரிந்த விஷயம்தான். முதல் வலிப்பு ஒன்றரை வயதுக்குள் வந்திருப்பது, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இதே பிரச்சினை இருந்திருப்பது, காய்ச்சல் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வலிப்பு வந்திருப்பது, அப்போது சூடு அதிகம் இல்லாதிருப்பது. காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளை மொத்தமாக எடுத்தால் மூன்றில் ஒருவருக்குத்தான் மறுபடி வருகிறது. இந்த நான்கில் மூன்று சேர்ந்துவிட்டால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வருகிறது. உங்கள் மகனுக்கு முதல் தடவை 14 மாதம், அப்பாவுக்கு இருந்திருக்கிறது, காய்ச்சல் வந்ததே தெரியாத வேகத்தில் வலிப்பு வந்திருக்கிறது. இரண்டாவது வலிப்பு அப்போதே எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று. அதை உங்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தப் பத்து நிமிடம்

உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். கணவரிடம் அன்றைக்கு எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று அதில் இருக்கும். அழைப்பதற்கு முன் கடந்த நேரத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிவதற்குள் வலிப்பு நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டியிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்த வலிப்புகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்குகின்றன. பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது பத்து நிமிடமாகத் தெரிவது இயற்கை. ஆனால் மருத்துவருக்கு அந்த வித்தியாசம் மிக முக்கியம், என்ன செய்வது என்று முடிவெடுப்பதே அதை வைத்துத்தான்.

அதனால், மறுபடி வந்தால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது நேரத்தைப் பார்ப்பது. சுவர்க் கடிகாரமோ போனோ, வலிப்பு தொடங்கிய நிமிடத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். "எட்டு நாற்பது" என்று சத்தமாகச் சொன்னால் வீட்டில் இன்னொருவர் காதிலும் விழும்.

அடுத்து, குழந்தையைத் தரையிலோ கட்டில் நடுவிலோ ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். முகம் கொஞ்சம் தரையை நோக்கி இருக்கட்டும். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும், மூச்சுக்குழாய்க்குள் போகாது. கழுத்தருகே இறுக்கமான துணி இருந்தால் தளர்த்துங்கள். பக்கத்தில் கூர்மையான, கனமான பொருள் இருந்தால் நகர்த்துங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். பிடிப்பதால் இழுப்பு நிற்காது, எலும்புக்கும் மூட்டுக்கும்தான் கேடு.

வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஸ்பூன், விரல், துணி, தண்ணீர், சிரப், எதுவும் கூடாது. நாக்கை விழுங்க முடியாது, அது வாயின் அடித்தளத்தோடு சேர்ந்திருக்கும் தசை. மல்லாந்து படுத்திருக்கும்போது பின்னால் சரிந்து காற்று போகும் வழியை மறைக்கலாம், அவ்வளவுதான். பக்கவாட்டில் படுக்க வைத்தால் அதுவும் முன்னால் வந்துவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டாலும் அந்தக் காயம் தானே ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் அது வேறு கதை. உங்கள் மாமியார் பேரனைக் காப்பாற்றத்தான் துடித்திருக்கிறார். அவரிடம் இதை எடுத்துச் சொல்லும்போது அந்தப் பதற்றத்தை மதித்தே சொல்லுங்கள். அடுத்த முறை நேரம் பார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

உதடு நீலமாவதைப் பார்த்தால் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். நெஞ்சுத் தசையும் சேர்ந்து விறைப்பதால் சில நொடிகள் மூச்சு சரியாக ஓடுவதில்லை. இழுப்பு தளர்ந்ததும் மூச்சு திரும்பும், நிறமும் திரும்பும். இழுப்பு நடக்கும்போது வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம். இழுப்பு நின்ற பிறகும் நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்றால்தான் செயற்கைச் சுவாசம் தேவை, ஆம்புலன்ஸும் அந்தக் கணமே தேவை.

முடிந்தால் இன்னொருவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இழுப்பு இரண்டு பக்கமும் இருந்ததா, கண் எந்தப் பக்கம் திரும்பியது, எப்படி நின்றது என்று அரை மணி நேரம் விவரித்தாலும் தெளிவாகாதது அரை நிமிட வீடியோவில் தெரிந்துவிடும்.

ஐந்து நிமிடம் ஏன் எல்லைக்கோடு

ஐந்து நிமிடம் தாண்டியும் ஓடும் வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. நேரம் ஆக ஆக மருந்துக்கும் அது எளிதில் கட்டுப்படாது. ஆகவே ஐந்தாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள். இழுக்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நீங்களே பைக்கில் கிளம்பாதீர்கள்.

உங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை தூரம் என்றால், மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே அல்லது ஆசனவாயில் செலுத்தும் டயசெபாம் வீட்டில் வைத்திருக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால், குழந்தையின் இன்றைய எடைக்கு எத்தனை முறை அழுத்த வேண்டும், எத்தனையாவது நிமிடத்தில் கொடுக்க வேண்டும் என்பதை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சை மந்தமாக்கக்கூடிய மருந்து என்பதால் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. எடை கூடக் கூட அளவும் மாறும்.

ஐந்து நிமிடத்துக்குள் நின்றாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள் உண்டு. ஒரு பக்கக் கைகால் மட்டும் இழுத்தது அல்லது பிறகு ஒரு பக்கம் பலவீனமாக இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை வந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் தெளிவாக விழிக்கவில்லை. கழுத்து விறைத்திருக்கிறது, விடாமல் வாந்தி எடுக்கிறது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோலில் தெரிகின்றன. இந்தக் கடைசி மூன்றும் மூளைக்காய்ச்சலைச் சந்தேகிக்க வைப்பவை. அதைத் தவறவிட்டுவிடக் கூடாது என்பதே மருத்துவர்களின் பெரிய கவலை. உங்கள் மகனை மருத்துவமனையில் சோதித்தபோது தேடியதும் அதைத்தான். தூங்கி எழுந்து ஓடி விளையாடிய குழந்தை என்பதால்தான் அன்றே அனுப்பினார்கள்.

இன்னொன்று. காய்ச்சல் ஏறும்போது குளிரில் நடுங்குவதும் வலிப்பும் வேறு. நடுங்கும் குழந்தை உங்களைப் பார்க்கும், அழும், கூப்பிட்டால் திரும்பும். நீங்கள் கையைப் பிடித்தால் நடுக்கம் குறையும். வலிப்பில் கண் எங்கோ நிலைகுத்தியிருக்கும், பெயர் சொல்லி அழைத்தாலும் எட்டாது, கையைப் பிடித்தாலும் இழுப்பு தொடரும்.

இ.இ.ஜி. எடுக்காததும் தினசரி மாத்திரையும்

உடல் முழுக்க இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, ஒரு நாளில் ஒரே முறை வந்தால் அதை எளிய வகைக் காய்ச்சல் வலிப்பு என்போம். உங்கள் மகனுக்கு வந்த இரண்டும், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இந்த வகை. இதில் இ.இ.ஜி.யோ மூளை ஸ்கேனோ தேவையில்லை. இ.இ.ஜி.யில் ஏதாவது மாற்றம் தெரிந்தாலும் மறுபடி வலிப்பு வருமா, பின்னாளில் வலிப்பு நோய் வருமா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. பயம்தான் மிஞ்சும். அதை எடுக்காத மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

தினசரி மாத்திரை காய்ச்சல் வலிப்பைக் குறைக்கும் என்பது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலைதான் அதிகம். பீனோபார்பிட்டால் குழந்தையின் நடத்தையையும் கற்றலையும் பாதிக்கிறது. வால்ப்ரோயேட் இந்தச் சின்ன வயதில் கல்லீரலுக்கு ஆபத்தாகலாம். தானாக நின்றுபோகும் ஒன்றுக்காக இவற்றை மாதக் கணக்கில் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். காய்ச்சல் நாட்களில் மட்டும் குளோபாஸம் கொடுக்கும் முறையும் உண்டு. அடிக்கடி, அல்லது நீண்ட நேரம் வலிப்பு வரும் குழந்தைகளுக்குச் சில மருத்துவர்கள் அதை எழுதுகிறார்கள். குழந்தை தள்ளாடும், தூங்கி வழியும். அந்த மயக்கம் மருந்தாலா மூளைக்காய்ச்சலாலா என்று பிரித்தறிவதும் கடினமாகிவிடும். இரண்டே குறுகிய வலிப்பு வந்த உங்கள் மகனுக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் தானாக நின்றுவிடுகிறது

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு வருவது. நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிறது, ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மிக அதிகமாக வருகிறது. இந்த வயதில் மூளை செல்களைத் தூண்டும் இணைப்புகள் வேகமாக வளர்ந்திருக்கும், அவற்றை அடக்கும் இணைப்புகள் இன்னும் முழுமையாகியிருக்காது. வேகம் பிடித்துவிட்ட வண்டிக்கு பிரேக் இன்னும் சரியாகப் பொருந்தாத நிலை. இதற்கு மேல் காய்ச்சல் வருகிறது. செல்லின் மின் வாயில்களில் சில சூட்டில் எளிதாகத் திறந்துகொள்கின்றன. கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்களும் மூளை செல்களை உசுப்பிவிடுகின்றன. பரம்பரையாக இந்தத் தன்மை கொஞ்சம் கூடுதலாக வாய்த்த குழந்தைக்கு எல்லாம் சேர்ந்து ஒரு கணத்தில் வலிப்பாக வெடிக்கிறது. மூளை முதிர முதிர அடக்கும் பக்கம் வலுப்பெறுகிறது. அதே 103 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் ஆறு வயதில் வந்தால் வெறும் காய்ச்சலாகப் போய்விடும்.

மறுபடி வருகிறவர்களிலும் பெரும்பாலோருக்கு முதல் வலிப்பிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வந்துவிடுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள். உங்கள் மகனுக்கு முதல் வலிப்பு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்றாவது ஒன்று வரவே வராது என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் கூடுதலாகத் தயாராக இருக்க வேண்டிய காலம் அவனுக்கு மூன்று, மூன்றரை வயது ஆகும் வரை என்று சொல்ல முடியும்.

வலிப்பு நோய் பற்றிய பயத்துக்கு வருகிறேன். எந்த வலிப்பும் வராத குழந்தைகளில் சுமார் நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவாகப் பிற்காலத்தில் வலிப்பு நோய் வருகிறது. எளிய காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் நூற்றில் ஒருவர் அல்லது இருவர். வளர்ச்சியில் முன்பே தாமதம் இருந்தாலோ, குடும்பத்தில் காய்ச்சல் இல்லாமலே வரும் வலிப்பு நோய் இருந்தாலோ, ஒரு பக்க வலிப்போ நீண்ட வலிப்போ வந்திருந்தாலோ இந்த எண் கூடும். உங்கள் கணவருக்கு வந்தது காய்ச்சலில் மட்டும்தானா, பெரிய வயதில் எப்போதாவது வந்ததா என்று அவருடைய அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். பதில் 'காய்ச்சலில் மட்டும்' என்றால் அது நல்ல செய்தி. மூளைக்குச் சேதம் ஆகுமா என்பதையும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை ஏழு வயது வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 1970-களில் வெளியானது. வலிப்பு வந்த குழந்தைகளின் அறிவுத்திறனை, வலிப்பே வராத அவர்களின் உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை.

காய்ச்சலே இல்லாமல் ஒருநாள் வலிப்பு வந்தால் மட்டும் கணக்கு வேறு. அப்போது நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், இ.இ.ஜி.க்கும் அப்போது அர்த்தம் உண்டு.

தடுப்பூசி

தள்ளிப் போட்ட தட்டம்மைத் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். அதனால் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் ஊசி போட்ட ஒன்று, இரண்டு வாரத்துக்குள், அதாவது ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள் வரும். அந்த நாட்களில் வலிப்பு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுவது உண்மைதான். வந்தாலும் மற்றக் காய்ச்சல் வலிப்பைப் போல நின்றுபோகிற ஒன்றுதான். தட்டம்மை நோயே வந்தால் கடும் காய்ச்சலோடு மூளை அழற்சியும் வரக்கூடும். ஊசி போடும் நாளில் அவனுக்கு ஏற்கெனவே இரண்டு முறை வலிப்பு வந்ததை அங்கே சொல்லுங்கள். காலண்டரில் ஏழாவது நாளையும் பதினான்காவது நாளையும் குறித்துவைத்து, அந்த ஒரு வாரம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும், உங்கள் மாமியார் உட்பட, பக்கவாட்டில் படுக்க வைப்பதை ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.